கோர் ஆன்டிபாடி மட்டும் ரியாக்டிவ்: ஹெப்படைட்டிஸ் பி அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

மாலைவெயில்

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அது இப்போது போதவில்லை என்பதால், ரிட்டுக்ஸிமாப் மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தலாம் என்று மூட்டுநோய் மருத்துவர் முடிவு செய்திருக்கிறார். அதற்கு முன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனைகள் மூன்றையும் எடுத்துவரச் சொன்னார். அறிக்கையில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

எச்பிஎஸ்ஏஜி, அதாவது மேற்பரப்பு ஆன்டிஜென்: 0.38, நான்-ரியாக்டிவ்.
மேற்பரப்பு ஆன்டிபாடி: 3.2. பக்கத்தில் "10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு" என்ற குறிப்பு இருக்கிறது.
கோர் ஆன்டிபாடி, மொத்தம்: 0.07, ரியாக்டிவ்.

கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 22தான் இருக்கிறது. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக நினைவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மூன்று தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். அந்தத் தடுப்பூசியால்தான் கோர் ஆன்டிபாடி ரியாக்டிவ் என்று வருகிறதா? 0.07 என்பது மிகச் சிறிய எண் அல்லவா, அதை எப்படி ரியாக்டிவ் என்கிறார்கள்? மருத்துவரைப் பார்க்க இன்னும் ஐந்து நாட்கள் இருக்கின்றன. அதற்குள் எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கதிரவன்77

கவலைப்பட ஒன்றுமில்லை, சகோதரி. மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லை என்றால் இரத்தத்தில் வைரஸ் இல்லை என்றுதான் பொருள். தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டால் மேற்பரப்பு ஆன்டிபாடி 10க்குக் கீழே இறங்குவது வழக்கமானதுதான், என் மனைவிக்கும் அப்படி இறங்கியிருந்தது. கோர் ஆன்டிபாடியும் தடுப்பூசியின் மிச்சமாகத்தான் இருக்கும். 0.07 என்பதை நடைமுறையில் நெகட்டிவ் என்றே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் ஒரு பூஸ்டர் தவணை போட்டுவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவார்.

இரா.முகில்

எனக்கும் இதே பிரச்சினைதான், நீங்கள் சொன்னதைப் படித்ததும் பயம் கூடிவிட்டது. போன வாரம் வேலையில் சேருவதற்காக முதல் தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் உடற்பரிசோதனையில் மேற்பரப்பு ஆன்டிஜென் "ரியாக்டிவ், 1.6" என்று வந்துவிட்டது. தடுப்பூசி மூலமாகவே எனக்குத் தொற்று வந்துவிட்டதா? வீட்டில் தனித் தட்டு, தனித் துண்டு வைத்துக்கொள்கிறேன்.

பழைய நுண்ணோக்கி

நோய்க்கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிகிச்சை பற்றிய முடிவு மருத்துவருடையது, அறிக்கையைப் படிக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் முகிலுக்கு. உங்களுடையதும் மாலைவெயிலின் அம்மாவுடையதும் வெவ்வேறு சங்கதிகள். தடுப்பூசி என்பதே ஈஸ்ட் செல்களில் வளர்த்தெடுத்த மேற்பரப்பு ஆன்டிஜென்தான். ஆகவே ஊசி போட்ட சில நாட்களில் இரத்தம் எடுத்தால், கருவி அந்த ஊசிப் புரதத்தையே கண்டுபிடித்து ரியாக்டிவ் என்று சொல்லக்கூடும். இது 18 நாட்கள் வரைகூடப் பதிவாகியிருக்கிறது. 1.6 என்பது எல்லைக்கோடான 1.0க்குச் சற்று மேலே உள்ள மிகப் பலவீனமான எண், நாட்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு மாதம் கழித்து ஆன்டிஜெனையும் கோர் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பாருங்கள். இடையில் அடுத்த தவணை ஊசி வந்தால், அதற்கு முன்பாகவே இரத்தம் எடுத்துவிடுங்கள். தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, எனவே அதிலிருந்து தொற்று வர வழியே இல்லை. தனித் தட்டு எந்த நிலையிலும் தேவையில்லை, இந்த வைரஸ் உணவு வழியாகப் பரவுவதில்லை.

இனி மாலைவெயிலின் கேள்வி. கதிரவன் சொன்னதில் பாதி சரி. ஆன்டிபாடி காலப்போக்கில் 10க்குக் கீழே இறங்குவது உண்மை. ஆனால் கோர் ஆன்டிபாடி தடுப்பூசியின் மிச்சம் என்பது நடக்க முடியாத ஒன்று. வைரஸின் உள்கூட்டில் இருக்கும் கோர் புரதம் தடுப்பூசியில் அறவே கிடையாது. அதைப் பார்க்காத உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடியை உண்டாக்காது. எத்தனை தவணை போட்டாலும், தடுப்பூசியால் மட்டும் பாதுகாப்புப் பெற்றவருக்கு மேற்பரப்பு ஆன்டிபாடி மட்டுமே இருக்கும், கோர் நான்-ரியாக்டிவாகவே இருக்கும். கோர் ரியாக்டிவ் என்றால் உண்மையான வைரஸ் எப்போதோ உள்ளே வந்து போயிருக்கிறது, அல்லது பரிசோதனை தவறு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

அந்த 0.07 விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மருத்துவர்களே தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கோர் ஆன்டிபாடியைப் பல கருவிகள் போட்டி முறையில் அளக்கின்றன. கருவி தன்னிடம் உள்ள, ஒளி தரும் ஆன்டிபாடியையும் நோயாளியின் இரத்தத்தையும் ஒரே கோர் புரதத்தின் மேல் மோதவிடுகிறது. நோயாளியிடம் ஆன்டிபாடி நிறைய இருந்தால் அது இடங்களை எல்லாம் பிடித்துக்கொள்ளும், கருவியின் ஆன்டிபாடிக்கு இடமில்லாமல் ஒளி மங்கிவிடும். ஆகவே இந்த முறையில் எண் சிறியதாக இருந்தால் ஆன்டிபாடி அதிகம் என்று பொருள்: 1.0 அல்லது அதற்குக் கீழே ரியாக்டிவ், மேலே நான்-ரியாக்டிவ். அதே அறிக்கையில் மேற்பரப்பு ஆன்டிஜெனுக்கு நேர் எதிர்த் திசை. இரண்டு எண்களையும் அடுத்தடுத்த வரியில் அச்சிட்டுவிட்டு, திசை மாறுகிறது என்று ஒரு சொல்கூட எழுதாமல் விடுவது ஆய்வகங்களின் பொறுப்பின்மை என்றே நான் சொல்வேன். உங்கள் அம்மாவின் 0.07 பலவீனமான ரியாக்டிவ் அல்ல, வலுவானது. அது 0.8 அல்லது 0.9 ஆக இருந்திருந்தால், பரிசோதனைப் பிழையை நான் முதலில் சந்தேகித்திருப்பேன்.

ஒரு கேள்வி: அம்மா முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அண்மையில் இம்யூனோகுளோபுலின் மருந்து நரம்பு வழியாக ஏற்றப்பட்டதா?

மாலைவெயில்

மிக்க நன்றி, ஐயா. இம்யூனோகுளோபுலின் எதுவும் ஏற்றவில்லை. ஆனால் பயோட்டின் 10 மில்லிகிராம் தினமும் காலையில் சாப்பிடுகிறார், முடி கொட்டுகிறது என்று சில மாதங்களாக. இரத்தம் எடுத்த அன்றும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம். அதற்கும் கல்லீரல் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு?

பழைய நுண்ணோக்கி

கல்லீரலோடு தொடர்பில்லை, கருவியோடுதான். பல கருவிகளில், உருவான கூட்டுப்பொருளைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணத்தைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் இரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால், அது ஸ்ட்ரெப்டாவிடினின் இடங்களை முன்கூட்டியே அடைத்துவிடும். பரிசோதனைக்குரிய கூட்டுப்பொருள் பிடிபடாமல் கழுவப்பட்டுப் போய்விடும், ஒளி குறைந்துவிடும்.

இப்போது அந்த ஒளிக்குறைவு மூன்று வரிகளிலும் என்ன செய்யும் என்று பாருங்கள். மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனையில் ஒளி குறைந்தால் நான்-ரியாக்டிவ். மேற்பரப்பு ஆன்டிபாடியில் ஒளி குறைந்தால் எண் குறைந்து, 10க்குக் கீழ். போட்டி முறையிலான கோர் பரிசோதனையில் ஒளி குறைந்தால் ரியாக்டிவ். அதாவது, உங்கள் அம்மாவின் கையில் இருக்கும் இந்த அறிக்கையை, ஒரு தொற்றும் இல்லாமல் பயோட்டின் மட்டுமேகூட உருவாக்கியிருக்க முடியும். தடுப்பூசியால் நல்ல பாதுகாப்போடு இருக்கும் ஒருவரும் இப்படித் தோன்றலாம். அதைவிடக் கவலைக்குரியது, ஆன்டிஜென் உண்மையில் இருந்தும் மறைந்துபோகலாம்.

புதிய கருவிகளில் பயோட்டினைத் தாங்கும் அளவை உயர்த்தியிருக்கிறார்கள், அதனால் 10 மில்லிகிராம் நிச்சயம் குழப்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் எழுந்தபின் பழைய மாதிரியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மூன்று நாட்கள் பயோட்டினை நிறுத்திவிட்டுப் புதிதாக இரத்தம் எடுங்கள். முடிந்தால் போட்டி முறையோ ஸ்ட்ரெப்டாவிடினோ இல்லாத வேறொரு கருவியில் கோர் ஆன்டிபாடியைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு அண்மைத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். வகைக் கோர் ஆன்டிபாடியையும், வைரஸின் டி.என்.ஏ. அளவையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செவிலி யாழினி

இடையில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. குழந்தைப் பருவத்திலேயே மூன்று தவணையும் போட்டதாக அட்டையில் இருக்கிறது. இப்போது மேற்பரப்பு ஆன்டிபாடி 6 என்றும், ஆன்டிஜென், கோர் இரண்டும் நான்-ரியாக்டிவ் என்றும் வந்திருக்கிறது. "உனக்குப் பாதுகாப்பு இல்லை, மூன்றையும் முதலிலிருந்து போடு" என்கிறார்கள். என் தோழி ஒருத்திக்கு 4 வந்தபோது ஒரே ஊசியில் 300ஐத் தாண்டியது. எது சரி?

பழைய நுண்ணோக்கி

யாழினி, உங்களுடையது சிக்கலற்ற வடிவம். கோர் நான்-ரியாக்டிவ் என்பதால் தொற்று வந்ததில்லை. 10 என்ற எல்லை, தவணைகள் முடிந்து ஒன்றிரண்டு மாதங்களில் அளந்தால் உடல் தடுப்பூசியை ஏற்றுக்கொண்டதா என்று தெரிந்துகொள்வதற்காக வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து அளக்கும்போது 6 என்பது இரண்டு வகையாக இருக்கலாம்: அன்று நன்றாக ஏற்றுக்கொண்டு, பிறகு அளவு மட்டும் இறங்கியிருக்கலாம், அல்லது அன்றே ஏற்றுக்கொள்ளாமல் போயிருக்கலாம். முதல் வகையினருக்கு நினைவுச் செல்கள் இருக்கும். இந்த வைரஸ் நோயாக வெளிப்பட வழக்கமாக இரண்டு முதல் ஐந்து மாதங்கள் எடுத்துக்கொள்வதால், அந்தச் செல்கள் விழித்துக்கொண்டு வேலை செய்யப் போதிய நேரம் கிடைக்கிறது. அதனால்தான் உடல்நலமுள்ள பொதுமக்களுக்குப் பூஸ்டர் பரிந்துரைக்கப்படுவதில்லை.

நீங்கள் ஊசிமுனையோடு வேலை செய்யப் போகிறவர், உங்களுக்கு ஊகம் போதாது. ஒரு தவணை போட்டு, ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அளந்து பாருங்கள். 10ஐத் தொட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. தொடவில்லை என்றால் மட்டும் மீதி இரண்டையும் போட்டு மறுபடி அளக்க வேண்டும். முதலிலேயே மூன்றையும் போடுவதால் கெடுதல் இல்லை, தேவைதான் இல்லை.

கதிரவன்77

ஐயா சொல்வது விளக்கமாக இருக்கிறது, ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஒருவேளை உண்மையிலேயே அம்மாவுக்குப் பழைய தொற்று வந்து தானாகவே குணமாகியிருந்தால்தான் என்ன? உடல் வென்றுவிட்டது, ஆன்டிஜென் இல்லை, கல்லீரல் நன்றாக இருக்கிறது. அதற்குமேல் டி.என்.ஏ. என்றும் ஐ.ஜி.எம். என்றும் அலையவைப்பது அவர்களைப் பயமுறுத்துவதாகாதா? வளர்ந்தவர்களுக்குத் தொற்று வந்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே குணமாகிறார்கள் என்றுதானே சொல்கிறார்கள்.

பழைய நுண்ணோக்கி

அந்த விழுக்காடு சரி, வளர்ந்தவர்களுக்கு அது பொருந்தும். பிறக்கும்போதே தொற்றியவர்களுக்கு நிலைமை தலைகீழ்: பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்டதாகிவிடும். அம்மாவுக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் உங்கள் கேள்வி நியாயமானது. ரிட்டுக்ஸிமாப் என்ற சொல் இல்லாதிருந்தால் நானும் ஏறத்தாழ உங்களைப் போலவே பேசியிருப்பேன். "குணமாகிவிட்டது" என்று நாம் சொல்வது, வைரஸ் இரத்தத்திலிருந்து மறைந்துவிட்டது என்ற அளவில்தான். கல்லீரல் செல்களின் உட்கருவுக்குள் அதன் டி.என்.ஏ. சிறு வளையங்களாகத் தங்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை வாழ்நாள் முழுவதும் அடக்கி வைத்திருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுபோல. ரிட்டுக்ஸிமாப் செய்வது ஆன்டிபாடி உண்டாக்கும் பி-செல்களைத் துடைத்தெடுப்பது. கண்காணிப்பு தளர்ந்ததும் வைரஸ் மறுபடி பெருகலாம். அதன்பின் எதிர்ப்பு மண்டலம் மீண்டு வந்து தாக்கும்போதுதான் கல்லீரல் சேதமடைகிறது, சிலருக்கு அது உயிரையே பறித்திருக்கிறது. ஆன்டிஜென் நெகட்டிவாக இருந்து, கோர் மட்டும் ரியாக்டிவாக இருந்தவர்களிடமும் இது நடந்ததால்தான் 2013இல் அந்த மருந்தின் எச்சரிக்கைப் பெட்டிக் குறிப்பு மேலும் வலுவாக்கப்பட்டது. மருத்துவர் மூன்று பரிசோதனைகளையும் கேட்டதற்குக் காரணம் இதுவே. ஆன்டிஜென் ஒன்றை மட்டும் பார்த்து மருந்தைத் தொடங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒற்றைப்பனை

இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. எனக்கு நிணநீர்க்கட்டிப் புற்றுநோய்க்காக இதே மருந்து கொடுத்தார்கள். கோர் மட்டும் ரியாக்டிவ், டி.என்.ஏ. இல்லை. வைரஸை அடக்கிவைக்கும் என்டெகாவிர் மாத்திரை தினமும் கொடுத்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், அதன்பின் யாரும் இரத்தம் பார்க்கவில்லை. நிறுத்திச் சில மாதங்களில் சோர்வும் வாந்தியும் வந்து, ஏ.எல்.டி. 900ஐத் தாண்டியது, ஆன்டிஜெனும் பாசிட்டிவாகிவிட்டது. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது, ஆனால் இப்போது நிறுத்தவே முடியாத நிலை. "எவ்வளவு காலம்" என்ற கேள்வியை மாலைவெயில் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மாலைவெயில்

ஒற்றைப்பனை அவர்களே, உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி. நலமாக இருங்கள்.

இரண்டாம் அறிக்கை வந்துவிட்டது. பயோட்டினை நிறுத்தி நான்காம் நாள் எடுத்தது, வேறோர் ஆய்வகம். மேற்பரப்பு ஆன்டிஜென் நான்-ரியாக்டிவ், 0.29. மேற்பரப்பு ஆன்டிபாடி 6.8. கோர் ஆன்டிபாடி ரியாக்டிவ், 6.4. ஐ.ஜி.எம். நான்-ரியாக்டிவ். வைரஸ் டி.என்.ஏ. கண்டறியப்படவில்லை, மில்லி லிட்டருக்கு 10 யூனிட் வரை கண்டறியும் முறை என்று எழுதியிருக்கிறது.

கோர் ஆன்டிபாடி 0.07இலிருந்து 6.4 ஆகிவிட்டதே என்று அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. மூன்று வாரத்தில் இவ்வளவு ஏறினால் தொற்று வளர்கிறது என்றுதானே அர்த்தம் என்கிறார்.

பழைய நுண்ணோக்கி

அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஆய்வகத்தின் கருவி நேர்த்திசையில் அளப்பது, அங்கே 1.0 அல்லது அதற்கு மேல் ரியாக்டிவ். முதலாவதில் 1.0க்கு வெகு கீழே, இரண்டாவதில் வெகு மேலே, இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு எக்காலத்திலும் ஒப்பிடக் கூடாது. அறிக்கையின் ஓரத்தில் "எல்லை மதிப்பு" என்ற நெடுவரிசை இருக்கும், அதைப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

இப்போது என்ன விலகியது, என்ன மீதமிருக்கிறது என்று பார்ப்போம். பயோட்டின் விலகிவிட்டது. வெவ்வேறு கொள்கையில் இயங்கும் இரண்டு கருவிகள் வலுவாக ஒத்துச் சொல்வதால், பரிசோதனைப் பிழை என்பதும் பெரும்பாலும் விலகிவிட்டது. ஐ.ஜி.எம். இல்லை, ஏ.எல்.டி.யும் ஏறவில்லை, ஆகவே அண்மையில் தொற்றி, ஆன்டிஜென் மறைந்து மேற்பரப்பு ஆன்டிபாடி இன்னும் எழாத அந்த இடைவெளிக் காலமும் அல்ல. மீதமிருப்பவை இரண்டு. ஒன்று, மிகப் பழைய தொற்று குணமாகி, மேற்பரப்பு ஆன்டிபாடி காலத்தால் தேய்ந்துபோனது. இதற்கே வாய்ப்பு அதிகம். மற்றொன்று, ஆன்டிஜென் கண்ணில் படாத அளவுக்கு வைரஸ் மிகக் குறைவாக உற்பத்தியாகிக்கொண்டிருப்பது. டி.என்.ஏ. கண்டறியப்படவில்லை என்பது இரண்டாவதை வெகுவாகக் குறைக்கிறது, ஆனால் முழுவதும் நீக்கவில்லை. அத்தகையவர்களுக்கு டி.என்.ஏ. விட்டு விட்டுத் தோன்றும் இயல்புடையது, ஒருமுறை இல்லை என்பது எப்போதும் இல்லை என்றாகாது.

கதிரவன்77

அப்படியென்றால் ஒரு தவணை ஊசி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே? பழைய தொற்று உண்மை என்றால், யாழினியின் தோழிக்கு ஏறியதுபோல ஆன்டிபாடி வேகமாக ஏறும். 100ஐத் தாண்டிவிட்டால் பாதுகாப்பு உறுதி, மாத்திரையும் வேண்டாம்.

பழைய நுண்ணோக்கி

ஊசி போட்டுப் பார்ப்பது நல்ல யோசனைதான், நான்கு வாரத்தில் எண் ஏறினால் பழைய நினைவு இருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் அம்மா முன்பே மூன்று தவணை போட்டவர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏறும் எண் தொற்றின் நினைவா, தடுப்பூசியின் நினைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஏறாவிட்டாலும், அவர் சாப்பிடும் முடக்குவாத மருந்துகளே அதற்குக் காரணமாக இருக்கலாம். அவர் விஷயத்தில் இந்தச் சோதனை குறைவாகவே பேசும்.

மாத்திரை வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் நான் உடன்பட மாட்டேன். மேற்பரப்பு ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு மறு எழுச்சி குறைவாக நடக்கிறது என்பது உண்மை, ஆனால் நடக்காமல் இல்லை. மேலும் ரிட்டுக்ஸிமாப் அந்த ஆன்டிபாடியை உண்டாக்கும் பரம்பரையையே அறுப்பதால், இன்று இருக்கும் 100 சில மாதங்களில் இல்லாமலும் போகலாம். ஊசி போடுவதென்றால் மருந்துக்குச் சில வாரங்கள் முன்பே போட வேண்டும், பிறகு போட்டால் உடல் ஏற்றுக்கொள்ளாது.

மாலைவெயில்

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கல்லீரல் மருத்துவரையும் அழைத்துப் பேசினார், இருவருக்கும் முழு ஒற்றுமை இல்லை. கல்லீரல் மருத்துவர் என்டெகாவிர் 0.5 மில்லிகிராமை, முதல் ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு முன்பே, வெறும் வயிற்றில், உணவுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டுத் தொடங்கிவிட வேண்டும் என்கிறார். மூட்டுநோய் மருத்துவரோ, புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அளவு குறைவு, மற்ற மருந்துகளும் கடுமையானவை அல்ல, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆன்டிஜென், டி.என்.ஏ., ஏ.எல்.டி. பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் தொடங்கலாம் என்று நினைக்கிறார். முடிவில் அம்மாவையே கேட்டார்கள். "மாத்திரையோடு மாத்திரையாக இதுவும் ஒன்று, சாப்பிட்டுவிடுகிறேன்" என்றார். ஒற்றைப்பனை அவர்கள் சொன்னதை நினைவில் வைத்து, எவ்வளவு காலம் என்று கேட்டேன். கடைசி ரிட்டுக்ஸிமாப் ஊசிக்குப் பின் குறைந்தது 12 மாதம், தன் வழக்கம் 18 மாதம், நிறுத்திய பின்னும் ஓராண்டு இரத்தம் பார்க்க வேண்டும் என்று கல்லீரல் மருத்துவர் கைப்பட எழுதிக்கொடுத்தார்.

எனக்கும் பரிசோதனை செய்துகொண்டேன். ஆன்டிஜென் இல்லை, கோர் நான்-ரியாக்டிவ், மேற்பரப்பு ஆன்டிபாடி 58. தம்பிக்கு நாளை எடுக்கிறோம்.

பழைய நுண்ணோக்கி

உங்கள் 58 தடுப்பூசி தந்த பாதுகாப்பு, கோர் இல்லாததே அதற்குச் சாட்சி.

அந்த இரு மருத்துவர்களின் கருத்து வேறுபாடு உண்மையானது, இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. மூன்று மாத இடைவெளியில் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்பவர்களிடம் கண்காணிப்பு முறையும் வேலை செய்யக்கூடும். மனிதர்கள் தவறவிடுகிறார்கள் என்பதே என் பக்கத்து எடை.

ஒன்றை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டுக்ஸிமாப் தொடங்கிய பின் எடுக்கும் கோர் ஆன்டிபாடி, சில நேரம் நான்-ரியாக்டிவ் என்று வந்துவிடும். அது தொற்று போய்விட்டது என்பதல்ல, ஆன்டிபாடி உண்டாக்கும் செல்கள் இல்லை என்பதே. அதைப் பார்த்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், இந்த இரண்டு பழைய அறிக்கைகளையும் எடுத்துக் காட்டுங்கள். இனி அம்மாவுக்குப் பார்க்க வேண்டியவை ஆன்டிஜெனும் டி.என்.ஏ.வும்தான்.

இரா.முகில்

என் ஆய்வகத்தில் கோர் ஆன்டிபாடி 2.1 நான்-ரியாக்டிவ் என்றும், ஆன்டிஜென் இப்போது 0.4 நான்-ரியாக்டிவ் என்றும் வந்துவிட்டது. 2.1 என்பது போட்டி முறை எண்தானே, ஐயா?

பழைய நுண்ணோக்கி

நான்-ரியாக்டிவ் என்று போட்டிருப்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும், எல்லை மதிப்பு நெடுவரிசையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம்.